மெல்லிய தீயில் கச்சோரி: 130 டிகிரி எண்ணெயின் கணக்கு

ஜோத்பூரிலோ ஜெய்ப்பூரிலோ ஒரு மிட்டாய்க் கடை வாசலில் நின்று கச்சோரி பொரிப்பதைப் பார்த்தால், பூரிக்கும் வடைக்கும் பழகிய நம் கண்ணுக்கு அடுப்பில் ஏதோ கோளாறு என்றே தோன்றும். அகலமான வாணலியில் எண்ணெய் சலனமின்றிக் கிடக்கும். புகை வராது. தட்டி வைத்த கச்சோரிகளை உள்ளே விடும்போது 'சொய்' என்ற சத்தம்கூட எழாது. அவை நேராக அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஒவ்வொன்றாக மேலே வந்து மெதுவாக உப்பும். அதன் பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் எண்ணெயிலேயே மிதந்துகொண்டிருக்கும். பூரி அரை நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடுகிறது. கச்சோரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது.

அந்தக் கால் மணி நேரத்தில் வாணலிக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால், வீட்டில் செய்யும் கச்சோரியையும் சமோசாவையும் பற்றிய மூன்று கேள்விகளுக்கு ஒன்றாகவே விடை கிடைத்துவிடும். வெளியே நன்றாகச் சிவந்த பிறகும் உள்பக்கம் ஏன் பச்சை மாவாக இருக்கிறது? பொரித்தபோது மொறுமொறுவென்று இருந்தது ஒரு மணி நேரத்தில் ஏன் தொய்ந்துபோகிறது? மேல்தோட்டில் சில சமயம் அழகான பொடிக் கொப்புளங்களும், சில சமயம் கருகி உடையும் பெரிய கொப்புளங்களும் ஏன் வருகின்றன?

இதற்கு ராஜஸ்தானின் பாசிப்பருப்புக் கச்சோரியை எடுத்துக்கொள்வோம். தோடு தடிமனாகவும் பூரணம் உலர்ந்தும் இருப்பதால், மெல்லிய தீ செய்யும் வேலையை இதில்தான் தெளிவாகப் பார்க்க முடியும்.

மாவில் கலந்த நெய்

கச்சோரித் தோட்டின் பொரபொரப்பு வாணலிக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வட இந்தியச் சமையற்காரர்கள் மைதாவில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் நெய்யை விட்டு நன்றாகப் பிசிறுவார்கள். இந்த நெய்யை மோயன் என்கிறார்கள். நாம் தட்டைக்கும் முறுக்குக்கும் மாவில் வெண்ணெய் சேர்த்துப் பிசிறுவதும் இதற்காகத்தான். கச்சோரிக்கு அளவு இன்னும் தாராளம்: 250 கிராம் மைதாவுக்குச் சுமார் 60 கிராம் நெய். பிசிறிய மாவை ஒரு கை அள்ளி இறுக்கினால் பிடித்த வடிவத்தில் நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர்ந்துவிட வேண்டும். அளவு சரியா என்பதற்கு இதுதான் சோதனை.

கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள இரண்டு வகைப் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னி, குளூட்டன் என்னும் இழுபடும் வலையாகின்றன. பரோட்டா மாவை வீசி விரிக்க முடிவது இந்த வலையால்தான். கச்சோரியில் அந்த வலை நீளமாகத் தொடரக் கூடாது. தண்ணீருக்கு முன்பே நெய் போய் மாவுத் துகள்களைப் போர்த்திவிட்டால், தண்ணீரால் எல்லாத் துகள்களையும் தொட முடியாது. வலை சிறு சிறு துண்டுகளாக உருவாகும், அவற்றுக்கிடையே நெய்ப்படலம் நிற்கும். பொரிந்து உலர்ந்த பின் நாம் கடிக்கும்போது தோடு அந்தப் படலங்களின் வழியே விரிசல் விட்டு, ஏடு ஏடாக நொறுங்குகிறது. நெய் குறைந்தால் வலை நீண்டு தோடு வறட்டுக் கெட்டியாகிவிடும். நெய் மிதமிஞ்சினால் பிடித்து வைக்க வலையே இல்லாமல் எண்ணெயில் உடைந்து கரையும்.

பிசிறிய மாவில் 100 முதல் 110 மில்லி தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு, மாவு ஒன்றுசேரும் வரை மட்டும் பிசைய வேண்டும். பூரி மாவைப்போல அடித்துப் பிசைந்தால் மோயன் செய்த வேலை கெட்டுவிடும். பின் ஈரத் துணி போட்டு மூடி அரை மணி நேரம் வைத்தால், உருவான சிறிதளவு வலையும் இறுக்கம் தளர்ந்து தட்டுவதற்கு இசைந்து கொடுக்கும்.

ஊற்றிய தண்ணீரோடு மைதாவில் இயல்பாக இருக்கும் ஈரத்தையும் சேர்த்துப் பார்த்தால், பிசைந்த மாவின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தான். 35 கிராம் உருண்டை ஒன்றில் 12 கிராம் அளவு தண்ணீர் இருக்கும். தோடு கடக்கென்று முறிய வேண்டுமானால் அதில் பெரும்பகுதி வெளியேறி, நூற்றுக்குச் சில பங்கு மட்டுமே மிஞ்ச வேண்டும். ஆகவே கச்சோரி பொரிப்பது என்பது முதன்மையாக ஒரு உலர்த்தும் வேலை.

தண்ணீர் வெளியேறும் பாதை

பொரிக்கும்போது எண்ணெயில் எழும் குமிழி ஒவ்வொன்றும் மாவிலிருந்து வெளியேறும் நீராவிதான். எண்ணெய் 130 டிகிரியில் இருந்தாலும் 180 டிகிரியில் இருந்தாலும், மாவில் ஈரம் இருக்கும் இடத்தின் வெப்பநிலை 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. வந்து சேரும் வெப்பம் முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 2,260 ஜூல் வேண்டும்.

முதலில் உலர்வது எண்ணெயைத் தொடும் மேற்பரப்பு. பிறகு, கோடையில் குளம் கரையிலிருந்து நடுவை நோக்கி வற்றுவதுபோல, ஈரத்தின் எல்லை உள்நோக்கி நகர்கிறது. அந்த எல்லைக்கு வெளியே இருப்பது உலர்ந்த, நுண்துளைகள் நிறைந்த தோடு. அது வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். எல்லை உள்ளே போகப் போக, வெப்பம் கடந்து வரவேண்டிய உலர்ந்த தோட்டின் தடிமன் கூடிக்கொண்டே போகிறது, வேலை மந்தமாகிறது. ஆகவே தடிமன் இரண்டு மடங்கானால் உலரும் நேரம் நான்கு மடங்காகும். பூரணத்தை ஒட்டிய உள்பக்கச் சுவர் கடைசியாகத்தான் உலரும். அதற்கு உள்ளிருந்து வெப்பம் வர வழியில்லை.

வெப்பத்தை உள்ளே தள்ளும் விசை எது? எண்ணெயின் வெப்பநிலைக்கும் ஈர எல்லையின் 100 டிகிரிக்கும் உள்ள வேறுபாடு. எண்ணெய் 180 டிகிரியில் இருந்தால் அந்த வேறுபாடு 80. 130 டிகிரியில் இருந்தால் 30. மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள தோட்டுக்கு, மாவிலுள்ள நீரின் அளவையும் உலர்ந்த மாவு வெப்பத்தைக் கடத்தும் வேகத்தையும் வைத்து ஒரு தோராயக் கணக்குப் போட்டால், 180 டிகிரியில் முழுவதும் உலர ஐந்து நிமிடமும், 130 டிகிரியில் பதின்மூன்று நிமிடமும் ஆகும் என்று வருகிறது. கடைக்காரர் தன் அனுபவத்தில் கண்டுவைத்திருக்கும் நேரத்தோடு இந்த இரண்டாவது எண் ஒத்துப்போகிறது.

அப்படியானால் 180 டிகிரியில் ஐந்து நிமிடம் பொரித்து எடுத்துவிடலாமே? அதற்குள் கச்சோரி கருகிவிடும். ஏன் என்பதில்தான் மெல்லிய தீயின் நியாயம் இருக்கிறது.

உலர்வதன் வேகமும் சிவப்பதன் வேகமும்

பண்டம் பொன்னிறமாவது பெரும்பாலும் மையார் வினையால். மாவிலுள்ள புரதத்தின் கூறுகளும் சர்க்கரைகளும் வெப்பத்தில் சேர்ந்து நிறமும் மணமும் தரும் இந்த வேதிவினையைப் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மையார் 1912-இல் விவரித்தார். ஈரமான மாவில், 100 டிகிரியில், இது மிக மெதுவாகவே நடக்கும். மேற்பரப்பு உலர்ந்து எண்ணெயின் சூட்டை எட்டத் தொடங்கியதும் வேகம் பிடிக்கும். இத்தகைய வினைகளின் வேகம், சூடு 10 டிகிரி ஏறும்போதெல்லாம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

இப்போது இரண்டு வேகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எண்ணெயை 130 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்கு உயர்த்தினால், உலர்வதன் வேகம் 30-லிருந்து 80 ஆகிறது. அதாவது மூன்று மடங்குகூட இல்லை. அதே 50 டிகிரி ஏற்றத்தில் சிவப்பதன் வேகம் ஐந்து முறை இரட்டிக்கிறது: 2, 4, 8, 16, 32. முப்பது மடங்குக்கும் மேல்!

ஆகவே சூடான எண்ணெயில் நிறம் முந்திக்கொள்கிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் மேற்பரப்பு எடுக்க வேண்டிய நிறத்துக்கு வந்துவிடும். ஈரத்தின் எல்லை அப்போது தோட்டின் மூன்றில் இரண்டு பங்கு வழியைத்தான் கடந்திருக்கும். கண் வெந்துவிட்டது என்கிறது, எடுத்துவிடுகிறோம். உள்பக்கச் சுவரில் தங்கிய ஈரம் ஆறும்போது மெதுவாக வெளியே பரவி, மொறுமொறுப்பாக இருந்த மேற்பரப்பையும் நனைத்துவிடும். வெளியே சிவந்தும் உள்ளே பச்சையாகவும் இருப்பது, ஒரு மணி நேரத்தில் தொய்வது என்ற இரண்டு குறைகளுக்கும் மூலம் இதுதான். பூரியும் ஆறியதும் இப்படித்தான் தொய்கிறது. ஆனால் அதைச் சூடாக, மென்மையாகத்தானே சாப்பிடுகிறோம்.

மெல்லிய தீயில் வரிசை மாறுகிறது. 130 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம் கிடந்தாலும் கச்சோரி வெளிர் மஞ்சளுக்கு மேல் சிவக்காது. அதற்குள் தோடு உள்பக்கம் வரை உலர்ந்துவிடும். பிறகு தீயைக் கூட்டி எண்ணெயை 150 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால், கடைசி மூன்று நிமிடத்தில் நமக்கு வேண்டிய நிறம் வரும். உலர்த்துவதை முதலிலும் சிவக்கவைப்பதைக் கடைசியிலும் தனித்தனியாகச் செய்துகொள்ள முடிவதே மெல்லிய தீ தரும் வசதி.

அதற்காகச் சூட்டை இன்னும் குறைத்துக்கொண்டே போக முடியாது. 110 டிகிரியில் வேறுபாடு வெறும் 10 தான். உலர முக்கால் மணி நேரத்துக்கு அருகில் ஆகும். தோடு இறுகி உருப்பெறுவதற்கு முன்பே மோயன் நெய் உருகி எண்ணெயில் கலந்துவிடும், விளிம்பு பிரியும். ஆவியின் உந்துதல் பலவீனமாக இருப்பதால் எண்ணெய் துளைகளுக்குள் எளிதில் புகும். கச்சோரியைப் போடும்போது எண்ணெய் 125 முதல் 135 டிகிரிக்குள் இருப்பதே பாதுகாப்பான எல்லை.

உப்பலும் கொப்புளமும்

மெதுவாகச் சூடேறுவதில் இன்னொரு பலனும் உண்டு. கச்சோரி உள்ளே போன முதல் சில நிமிடங்களில் தோடு இன்னும் இளகிய நிலையிலேயே இருக்கிறது. பூரணத்திலிருந்தும் உள்பக்கச் சுவரிலிருந்தும் எழும் ஆவி, மேல் சுவரையும் கீழ்ச் சுவரையும் பிரித்துத் தள்ளுகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஒன்றரை லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும் என்பதால் இதற்கு மிகச் சிறிதளவு ஆவியே போதும். தோடு இளகியிருக்கும்போதே கச்சோரி உப்பி, அந்த வடிவத்திலேயே பிறகு இறுகுகிறது. சூடான எண்ணெயில் வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும். உள்ளே ஆவி சேரும்போது அதனால் தோட்டை விரிக்க முடியாது; எங்காவது பலவீனமான இடத்தில் பிளந்து வெளியேறும். அந்தக் கச்சோரி தட்டையாகவே நின்றுவிடும்.

கொப்புளங்களும் இதே விதியைப் பின்பற்றுகின்றன. பிசையும்போது மாவுக்குள் நுண்ணிய காற்றுப் பைகள் சிக்குகின்றன. ஆவி அந்தப் பைகளில் சேர்ந்துதான் விரிகிறது. மெல்லிய சூட்டில் ஒவ்வொரு பையும் கொஞ்சமாக விரிந்து, இளகிய தோட்டின் எண்ணற்ற நுண்துளைகள் வழியே ஆவியை விட்டுவிடுகிறது. விளைவாக மேற்பரப்பு முழுவதும் ரவை தூவியது போன்ற பொடிக் கொப்புளங்கள் தோன்றுகின்றன. நல்ல கச்சோரிக்கு அதுவே அடையாளம்.

எண்ணெய் சூடாக இருந்தால் மேற்பரப்பு சட்டென்று ஒரு மூடியாக இறுகிவிடுகிறது. அடியில் எழும் ஆவிக்குத் துளை கிடைக்காமல், பல பைகள் ஒன்றுசேர்ந்து ஒரே பெரிய கொப்புளமாகக் கிளம்பும். அதன் மேல்தோல் காகிதம்போல மெல்லியது. அதில் குளிர்விக்க ஈரமே இல்லை. எனவே மற்ற இடங்கள் வெளிறியிருக்கும்போதே அது மட்டும் கருகி, தொட்டால் உடையும். மாவில் தண்ணீர் அதிகமானாலும், மோயன் குறைந்து குளூட்டன் வலை நீண்டாலும் இதே பெரிய கொப்புளங்கள் வரும். எண்ணெயின் சூடு சரியாக இருந்தும் பெரிய கொப்புளம் வருகிறதென்றால் மாவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பன்னிரண்டு கச்சோரிகள்

மேலே சொன்ன அளவில் பிசைந்த மாவு 420 கிராம் இருக்கும். 35 கிராம் வீதம் பன்னிரண்டு உருண்டைகள். பூரணத்துக்கு 100 கிராம் பாசிப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நன்றாக வடித்து, கொரகொரப்பாக அரைக்க வேண்டும். இரண்டு கரண்டி நெய்யில் பெருங்காயம், ஒன்றிரண்டாகப் பொடித்த சோம்பு, மல்லி விதை ஆகியவற்றைப் பொரித்து, இரண்டு கரண்டி கடலை மாவும் அரைத்த பருப்பும் சேர்த்து, ஈரம் போய் உதிரி உதிரியாக வரும்வரை வறுக்க வேண்டும். மிளகாய்த் தூள், உப்பு, புளிப்புக்கு ஆம்சூர் பொடி கடைசியில். பூரணத்தில் ஈரம் நின்றால் உள்பக்கச் சுவர் எவ்வளவு நேரமானாலும் உலராது. ஆகவே வறுப்பதில் அவசரம் வேண்டாம். முழுவதும் ஆறிய பிறகு 15 கிராம் வீதம் உருட்டிக்கொள்ளலாம்.

மாவு உருண்டையைக் கிண்ணமாக விரித்து, பூரணத்தை வைத்து, விளிம்புகளைக் கூட்டி மூடி, உபரி மாவைக் கிள்ளிவிட வேண்டும். மூடிய பக்கத்தை மேலே வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாக அழுத்தி ஏழு சென்டிமீட்டர் வட்டமாக்கினால் போதும். பூரிக்கட்டையால் தேய்த்தால் ஓரிடம் மெலிந்து அங்கே பிளக்கும். பிளந்தால் எண்ணெய் உள்ளே புகும்.

எண்ணெய் ஒரு லிட்டர், ஒரு தடவைக்கு ஐந்து கச்சோரி. இந்த எண்ணிக்கைக்குக் காரணம் உண்டு. 50 கிராம் எடையுள்ள ஐந்து கச்சோரிகளை அறையின் சூட்டிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தை ஒரு லிட்டர் எண்ணெய் மட்டுமே கொடுப்பதானால், அதன் சூடு சுமார் 25 டிகிரி இறங்கிவிடும். 130 டிகிரி எண்ணெய் 105 ஆகும். அடுப்பு அந்த இழப்பை உடனுக்குடன் ஈடுகட்ட வேண்டும். பத்துக் கச்சோரிகளை ஒன்றாகப் போட்டால் சிறு தீயால் அது முடியாது.

எண்ணெய் 130 டிகிரி வந்ததும் கச்சோரிகளை விட்டு, தீயைச் சிறியதற்கும் நடுத்தரத்துக்கும் இடையில் வைக்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் கரண்டி படவே கூடாது. தோடு இளகியிருப்பதால் கிழியும். விளிம்பைச் சுற்றிப் பொடிக் குமிழிகள் மட்டும் எழும். மூன்றாவது நிமிட அளவில் கச்சோரிகள் மேலே வரும்போது கரண்டியால் சூடான எண்ணெயை அவற்றின் தலையில் விட்டால், எண்ணெய்க்கு வெளியே நிற்கும் பக்கமும் சூடேறிச் சீராக உப்பும். ஐந்தாவது ஆறாவது நிமிடத்தில் உப்பல் முழுமையடைந்திருக்கும். அப்போது முதல்முறை திருப்ப வேண்டும். அதன் பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பினால் போதும். எண்ணெய் 125 முதல் 135 டிகிரிக்குள் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டாவது நிமிடத்தை நெருங்கும்போது குமிழிகள் கண்ணுக்குத் தெரியவே குறையும். தோட்டில் தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்குக் குமிழி குறைவதைவிட நம்பகமான அறிகுறி இல்லை. கடிகாரத்தைவிட இதையே நம்பலாம். அப்போது தீயைக் கூட்டி எண்ணெயை 150 முதல் 155 டிகிரிக்குக் கொண்டுபோய், புரட்டிப் புரட்டிப் பொன்னிறம் வந்ததும் எடுக்க வேண்டும். மொத்தம் பதினைந்து பதினாறு நிமிடம் ஆகியிருக்கும். அடுத்த தடவைக்கு எண்ணெய் மீண்டும் 130 டிகிரிக்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டாவது தடவைக் கச்சோரி முதல் தடவையைப்போல வராததற்குப் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு இல்லாததே காரணம்.

வெப்பமானி இல்லாதவர்கள் பட்டாணி அளவு மாவைப் போட்டுப் பார்க்கலாம். அது அடியில் போய்ச் சில நொடிகள் தங்கி, பொடிக் குமிழிகளை விட்டு, நிதானமாக மேலே வந்தால் சூடு சரி. போட்டதுமே சத்தத்தோடு மேலே துள்ளினால் சூடு அதிகம். குமிழியே இல்லாமல் அடியில் கிடந்தால் சூடு போதாது.

எண்ணெய் எப்போது உள்ளே போகிறது?

மெல்லிய தீயில் பொரித்தால் பண்டம் எண்ணெய் குடிக்கும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆவி வெளியே வந்துகொண்டிருக்கும்வரை அதே துளைகள் வழியே எண்ணெய் உள்ளே நுழைவது கடினம். பண்டத்தை வாணலியிலிருந்து எடுத்ததும்தான் நிலைமை மாறுகிறது. துளைகளில் நிற்கும் ஆவி குளிர்ந்து தண்ணீராகச் சுருங்க, உள்ளே அழுத்தம் குறைந்து, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. உருளைக்கிழங்கு வறுவலிலும் சோளச் சில்லுகளிலும் 1990-களில் நடந்த ஆய்வுகள், எண்ணெயில் பெரும்பங்கு இப்படி வெளியே எடுத்த பிறகே உள்ளே போகிறது என்று காட்டின.

இதிலிருந்து இரண்டு நடைமுறைகள் கிடைக்கின்றன. ஒன்று, கடைசியில் சூட்டை உயர்த்தியே எடுக்க வேண்டும். சூடான எண்ணெய் அதிகம் இளகி ஓடும் என்பதால் மேற்பரப்பிலிருந்து விரைவாக வடியும். இரண்டு, எடுத்த அந்தக் கணமே கண் கரண்டியில் நன்றாக உதறி, கம்பிவலைத் தட்டில் நிமிர்த்தி வைக்க வேண்டும். முதல் அரை நிமிடத்தில் வடியாத எண்ணெய் தோட்டுக்குள் போய்விடும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் வெளியேறும் ஆவியும் பக்கத்துக் கச்சோரியின் மேல் படிந்து அதை நனைக்கும்.

சமோசாவுக்கு எது மாறும்?

பஞ்சாபி சமோசாவுக்கும் கணக்கு இதுதான். மாவு மட்டும் இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும்: 250 கிராம் மைதாவுக்கு 85 முதல் 90 மில்லி தண்ணீர். தண்ணீர் குறைவதால் கொப்புளம் மிகக் குறைந்து, தோடு அழுத்தமாகவும் பொரபொரவென்றும் வரும். 125 டிகிரியில் போட்டு, பன்னிரண்டு நிமிடத்துக்குப் பிறகு 160 டிகிரிக்கு உயர்த்தி எடுக்கலாம். இதில் கவனிக்க வேண்டிய இடம் கூம்பு மடிக்கும் ஓரம். அங்கே இரண்டு அடுக்கு சேர்வதால் தடிமன் இரண்டு மடங்கு, உலரும் நேரம் நான்கு மடங்கு. ஒட்டும் ஓரத்தை விரலால் நன்றாக அழுத்தி மெல்லியதாக்காவிட்டால், மற்றதெல்லாம் வெந்தாலும் அந்த ஓரம் மட்டும் பல்லில் பச்சையாக ஒட்டும்.

நம் ஊர் டீக்கடை வெங்காய சமோசாவுக்கு இந்த முறை பொருந்தாது. அதன் தோடு ஒரு மில்லிமீட்டரும் இல்லாத மெல்லிய பட்டி. தோசைக்கல்லில் அரைவேக்காடாக வாட்டியே எடுப்பதால் அதில் ஈரமும் குறைவு. தடிமன் மூன்றில் ஒன்றானால் உலரும் நேரம் ஒன்பதில் ஒன்றாகிவிடும். எனவே 170, 180 டிகிரியில் மூன்று நான்கு நிமிடத்திலேயே உலர்ந்து சிவந்துவிடும். அதை மெல்லிய தீயில் போட்டால் அடுக்குகளுக்கிடையே எண்ணெய் நின்று கனத்துப்போகும். தடித்த தோட்டுக்குச் சிறு தீ, மெல்லிய பட்டிக்கு நல்ல சூடு என்று தோட்டின் தடிமனைப் பார்த்துத்தான் தீயை முடிவுசெய்ய வேண்டும்.

உடைத்துப் பார்த்தல்

முதல் தடவையில் ஒரு கச்சோரியை ஐந்து நிமிடம் ஆறவிட்டு உடைத்துப் பாருங்கள். வெட்டுமுகம் முழுவதும் ஒரே நிறத்தில், துளைகளோடு, வெள்ளையாக உலர்ந்து தெரிந்தால் வேலை முடிந்தது. பூரணத்தை ஒட்டி ஒரு சாம்பல் நிறக் கோடு, சற்றே கண்ணாடித்தன்மையோடு தெரிந்தால் அங்கே ஈரம் தங்கியிருக்கிறது. அடுத்த தடவை சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் கூட்ட வேண்டும். துளைகளே இல்லாமல் கெட்டியாக இருந்தால் மோயன் போதவில்லை, அல்லது மாவு அதிகம் பிசைபட்டிருக்கிறது. கையில் எண்ணெய் ஒட்டினால் கடைசிச் சூடு போதவில்லை, அல்லது விளிம்பு எங்கோ பிளந்திருக்கிறது.

உள்சுவர்வரை உலர்ந்த பாசிப்பருப்புக் கச்சோரி, முழுவதும் ஆறிய பின் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பல நாள் மொறுமொறுப்பாகவே இருக்கும். பூரணத்திலும் ஈரம் இல்லை, தோட்டிலும் இல்லை என்பதால் ஒன்றை ஒன்று நனைக்க வழியில்லை. உருளைக்கிழங்கு சமோசாவுக்கு இந்த ஆயுள் கிடையாது. கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்; தோடு எவ்வளவு நன்றாக உலர்ந்திருந்தாலும் அந்த ஈரம் சில மணி நேரத்தில் அதை எட்டிவிடும். அப்படித் தொய்ந்த சமோசாவை மைக்ரோவேவில் சூடாக்கினால் கிழங்கின் ஆவி தோட்டை மேலும் நனைக்கும். 150 டிகிரி அவனில் பத்து நிமிடம் வைத்தால் தோட்டுக்குள் வந்த ஈரம் மீண்டும் வெளியேறி மொறுமொறுப்பு திரும்பும். சமோசாவை விருந்துக்குச் செய்கிறவர்கள் 125 டிகிரிப் பகுதியை முன்கூட்டியே முடித்து எடுத்து வைத்துக்கொண்டு, பரிமாறுவதற்குச் சற்று முன் 160 டிகிரி எண்ணெயில் போட்டுச் சிவக்கவைத்து எடுக்கலாம். இடைப்பட்ட நேரத்தில் தோட்டுக்குள் வந்த ஈரத்தை அந்த இரண்டாவது பொரிப்பே வெளியேற்றிவிடும்.